ஓதம் ஏறும் சுவரில் ஒரு மடக்கு மேசை

காசிமேடு, ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகளின் போர்ஷன்களில் சமையலறை பெரும்பாலும் ஆறடிக்கு எட்டடிதான். மேடை, சிங்க், சிலிண்டர், பிரிட்ஜ் எல்லாம் போக நடுவில் ஒருவர் நின்று திரும்புகிற இடம் மிஞ்சும். அங்கே காய் நறுக்கவும், பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடவும் ஒரு மேசை வேண்டுமென்றால், வேண்டாதபோது சுவரோடு மடிந்து தொங்கும் மேசைதான் சரிப்படும். திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளுக்கும், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புகளுக்கும் இது பொருந்தும்.

மேசையைச் செய்வது கடினமில்லை. ஓர் ஆசாரி அரை நாளில் பலகையையும் கீலையும் முடித்துக் கொடுத்துவிடுவார். வட சென்னையில் இந்த மேசைகள் விழுவது பலகை உடைந்து அல்ல. சுவரில் இறங்கிய மேல் ஸ்குரூ பிடுங்கிக்கொண்டு வருவதால்தான். "நல்லாத்தான்ணா இருந்துச்சு, மழை முடிஞ்சு பார்த்தா முன்பக்கம் சாய்ஞ்சு கெடக்கு" என்று ராயபுரத்தில் ஓர் அக்கா சொன்னார். அவர் வீட்டு மேசையின் பிராக்கெட்டைத் தொட்டதும் பிளக்கோடு சேர்ந்து வெளியே வந்தது. ஓட்டைக்குள்ளிருந்து வெள்ளைப் பொடி கொட்டியது. கீலும் பலகையும் அப்படியே இருந்தன. அதனால் இந்த அத்தியாயம் சுவரிலிருந்து தொடங்குகிறது.

மேல் ஸ்குரூவின் பாடு

மேசையின் முன்பக்கம் ஒருவர் கையூன்றினால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பிராக்கெட்டின் கீழ்முனை சுவரை உள்ளே அழுத்துகிறது. மேல்முனை சுவரை விட்டு வெளியே வரப் பார்க்கிறது. அதாவது கீழ் ஸ்குரூவுக்குப் பெரிய வேலை இல்லை. சுவர் சுமாராக இருந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். மேல் ஸ்குரூவைத்தான் யாரோ கொறடு போட்டு இழுப்பதுபோல் பாரம் இழுக்கிறது.

அந்த இழுப்பு எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பாரத்தைச் சுவரிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, மேல் ஸ்குரூவுக்கும் கீழ்முனைக்கும் உள்ள உயரத்தால் வகுத்தால் போதும். 30 கிலோ பாரம் சுவரிலிருந்து 40 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிராக்கெட்டின் நிற்கும் கால் 10 செ.மீ. மட்டுமே என்றால் மேல் ஸ்குரூக்களில் விழும் இழுப்பு 120 கிலோ. கால் 40 செ.மீ. என்றால் அது 30 கிலோவாகக் குறைந்துவிடும். ஒரு மீட்டர் உயரச் சட்டம் வைத்து அதன் உச்சியில் பிடித்தால் கிட்டத்தட்ட 12 கிலோதான். இரண்டு பக்கமும் பிரித்துக்கொள்ளும்போது ஒரு பக்கத்துக்கு 6 கிலோ. பாரம் மாறவில்லை, ஸ்குரூவும் மாறவில்லை. உயரம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

கடைகளில் ஜோடியாக விற்கும் ஸ்பிரிங் பூட்டு வைத்த மடக்கு பிராக்கெட்டை நான் இந்தப் பகுதிக்குச் சொல்வதில்லை. அதில் நீளும் கை 16 அங்குலம் இருக்கும். சுவரில் நிற்கும் கால் அதில் பாதிகூட இருக்காது. நல்ல கான்கிரீட் சுவரில் அது நிற்கும். ஆனால் ஓதம் ஏறிய செங்கல் சுவரில், இழுப்பு முழுவதையும் அந்தக் குட்டைக் காலின் மேல் ஸ்குரூவே தாங்க வேண்டும். தவிர, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் ரிவெட்டும் சாதாரண இரும்பாக இருந்தால் கடற்காற்றில் இறுகிப்போய், மடக்கும்போது திணறும்.

சுவரைத் தெரிந்துகொள்வது

ராயபுரம் பழைய ஊர். 1856இல் அங்கே ரயில் நிலையம் திறந்தபோதே அதைச் சுற்றித் தெருக்கள் இருந்தன. அந்தக் காலத்து வழக்கத்தில் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய சுவர்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. மேலே சிமெண்ட் பூசியிருப்பதால் பார்த்தால் தெரியாது. திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் பிற்காலத்தில் கட்டிய வீடுகளில் சூளைச் செங்கல்லும் சிமெண்ட் கலவையும் இருக்கும், அல்லது அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த சாம்பல் நிறக் கல் இருக்கும். தூணும் பீமும் கான்கிரீட்.

எந்தச் சுவர் என்று டிரில்லே சொல்லிவிடும். மேசைக்குப் பின்னால் மறைந்துவிடும் ஓர் இடத்தில், 6 மி.மீ. பிட் போட்டு ஓர் ஓட்டை இடுங்கள். ஒரு தாளை மடித்து ஓட்டைக்குக் கீழே ஒட்டி வைத்தால் பொடி அதில் விழும். முதல் ஒன்றரை செ.மீ. வரை வருவது பூச்சின் பொடி, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு சிவப்புப் பொடி சீராக வந்தால் செங்கல். பிட் வழுக்கிக்கொண்டு உள்ளே போய், வெளுத்த மணல்போல் கொட்டினால் அது செங்கல் இடுக்கின் காரை, அங்கே பிளக் நிற்காது. சாம்பல் நிறப் பொடி மெல்ல வந்து பிட் சூடேறினால் கான்கிரீட். சாம்பல் நிறமே, ஆனால் மெத்தென்று இறங்கினால் சாம்பல் கல். கம்பியில் முட்டி நின்றால் அங்கே தொடராமல் இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள்.

பொடி ஈரமாக, பிட்டில் ஒட்டிக்கொண்டு வந்தால் சுவரில் ஓதம் இருக்கிறது. தரைத்தள வீடுகளில் இது மிகவும் முக்கியம். நிலத்து ஈரம் செங்கல் வழியாக மேலேறி, சாதாரணமாகத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை வந்து நிற்கும். ஈரம் காயும்போது அதில் கரைந்திருந்த உப்பு பூச்சுக்கு அடியில் பூத்து, பூச்சைப் பொரித்துத் தள்ளும். கடலோரத்தில் காற்றிலிருந்து படியும் உப்பும் இதோடு சேர்கிறது. இப்போது மேசையின் உயரத்தை நினைத்துப் பாருங்கள். 75 செ.மீ. அப்படியென்றால் மேசைக்குக் கீழே மாட்டும் பிராக்கெட் முழுவதும், அதன் மேல் ஸ்குரூ உட்பட, சுவரின் மிகவும் கெட்டுப்போன பட்டைக்குள்ளேயே விழுகிறது. அந்த அக்கா வீட்டில் நடந்தது இதுதான்.

விரல் மூட்டால் தரையிலிருந்து தொடங்கி மேல்நோக்கித் தட்டிக்கொண்டே போனால், பொரிந்த இடம் டொக் டொக்கென்று வெற்றொலி தரும். ஒலி கெட்டியாகும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பெரும்பாலும் அது 90 செ.மீ.க்கும் 110 செ.மீ.க்கும் இடையில் வரும். நவம்பர், டிசம்பரில் சுவர் முழுதும் நனைந்திருக்கும்போது இதைப் பார்ப்பதைவிட, பிப்ரவரிக்குப் பிறகு பார்த்தால் உண்மையான கோடு தெரியும். வேலையையும் அப்போதே வைத்துக்கொள்ளலாம்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் டிரில் போடக் கூடாது, உள்ளே மறைவு ஒயர் போகும். சிங்க் குழாய்க்கும் அதே கவனம் வேண்டும். வாடகை வீடு என்றால் ஓட்டை போடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அமைப்பு

சுவர் இப்படி என்றால் வழியும் அதிலிருந்தே வருகிறது. பாரத்தைக் கீழே கெட்ட பட்டையில் தாங்கவிட்டு, இழுப்பை மட்டும் மேலே காய்ந்த சுவருக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு இரண்டு நெட்டுக்குத்தான தேக்குச் சட்டங்கள் தேவை. ஒவ்வொன்றும் 3 அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிமன், ஒரு மீட்டர் நீளம். தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் தொடங்கி 130 செ.மீ.யில் முடியும். மேசை இவற்றின் நடுவில் மாட்டப்படும். மேலே நீண்டிருக்கும் சட்டங்களுக்கு இடையில் பிற்பாடு ஒரு தட்டுகூட வைத்துக்கொள்ளலாம்.

அந்த ராயபுரம் வீட்டுக்கு அமைத்ததை அளவோடு சொல்கிறேன். மேசை 90 செ.மீ. அகலம், 50 செ.மீ. ஆழம், 18 மி.மீ. பிளைவுட். இந்த 50 செ.மீ.யும் முழுதாக மடிவதில்லை. சுவரை ஒட்டி 8 செ.மீ. பட்டை ஒன்று அசையாமல் நிற்கிறது. மீதி 42 செ.மீ.தான் கீலில் மடிந்து கீழே தொங்குகிறது. இந்தப் பட்டையை வீண் என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. பலகையை நேராகச் சுவர்க்கட்டையில் கீல் போட்டு மாட்டினால், மடிந்த பிராக்கெட்டுகளுக்குப் பின்னால் இடம் இருக்காது. பலகை அவற்றின்மேல் சாய்ந்து சரிந்து தொங்கும், கீல் ஸ்குரூக்களை நாள்தோறும் நெம்பும். 8 செ.மீ. பட்டை இருந்தால் சட்டத்தின் தடிமன் 4 செ.மீ., அதற்கு முன்னால் மடிந்த பிராக்கெட்டுக்கு 4 செ.மீ. என்று சரியாகப் போகும். மடித்தபின் மொத்தமும் சுவரிலிருந்து 10 செ.மீ.க்குள் அடங்கிவிடும். உப்பு ஜாடியும் எண்ணெய்க் கிண்ணமும் மேசையை மடித்தாலும் பட்டையிலேயே இருக்கும்.

பிராக்கெட் என்பது மரத்தில் செய்த முக்கோணச் சட்டகம். இரண்டங்குல அகலம், ஓர் அங்குலத் தடிமனுள்ள தேக்கு ரீப்பரில் நிற்கும் கால் 40 செ.மீ., நீளும் கை 36 செ.மீ., இரண்டையும் இணைக்கும் சாய்வுக்கட்டை ஒன்று. மூலைகளைப் பாதிப் பாதி வெட்டிப் பொருத்தி, பசை போட்டு, ஸ்குரூ இறக்கிவிட வேண்டும். இது ஒவ்வொரு சட்டத்தின் முன்முகத்திலும் இரண்டு கீல்களில் கதவுபோல் திரும்பும். மேசையைத் தூக்கினால் பிராக்கெட்டை முன்னால் திருப்பிவிடுவது, மடக்கும்போது உள்பக்கமாக மடித்துச் சுவரோடு சேர்ப்பது.

நீளும் கைக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. சுவரிலிருந்து அதன் முனை வரையுள்ள தூரம் மேசை ஆழத்தில் முக்கால் பங்குக்குக் குறையக் கூடாது. குறைந்தால் முன் விளிம்பில் பாரம் விழும்போது பின்பக்கம் கீலை மேல்நோக்கித் தூக்கும். இன்னொன்று, இரண்டு கைகளும் உள்பக்கமாக மடிந்தால் நடுவில் முட்டக் கூடாது. நம் கணக்கில் இரண்டு சட்டங்களின் கீல்கோடுகளுக்கு இடையே 78 செ.மீ. இருக்கிறது. இரண்டு கைகளும் சேர்ந்து 72. ஆறு செ.மீ. மிச்சம் இருப்பதால் முட்டாது. மேசையை 75 செ.மீ. அகலமாகக் குறைத்தால் கை 28 செ.மீ.க்கு மேல் போக முடியாது. அப்போது மேசையின் ஆழத்தையும் 40 செ.மீ.க்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

உயரம் தரையிலிருந்து 75 செ.மீ. என்று வைத்தோம், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட அதுவே சரி. நின்று காய் நறுக்கத்தான் மேசை என்றால் மேடையின் உயரத்துக்கே, 82 செ.மீ. வரை ஏற்றலாம். 75இல் மாட்டினால் மடிந்த பலகையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 31 செ.மீ.யில் நிற்கும், தரை துடைக்கத் தடையில்லை. பலகை இறங்கும் இடத்திலும் மேசைக்கு அடியிலும் சிலிண்டரை மட்டும் வைக்காதீர்கள். ரெகுலேட்டரைச் சட்டென்று கை எட்டி மூட முடியாமல் எந்தப் பலகையும் மறைக்கக் கூடாது. அடுப்புக்கும் மேசைக்கும் இடையே ஓர் ஆள் நிற்கும் தூரமாவது வேண்டும்.

உலோகமும் பலகையும்

இரும்பு இந்தப் பகுதியில் ஏன் இவ்வளவு சீக்கிரம் துருவேறுகிறது என்றால், காற்றில் வரும் உப்புத்துகள் உலோகத்தின்மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. மழையே இல்லாத இரவிலும் அதன்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கும். நிலக்கரிப் புகையின் கந்தகம் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நாட்டின் பல ஊர்களில் உலோகத் தகடுகளை வெளியில் வைத்து அரிப்பை அளந்து வரைபடமே போட்டிருக்கிறது. உள்நாட்டு ஊருக்குப் போதுமான நாகப்பூச்சு ஸ்குரூ, கடலோரத்துக்குப் போதாது.

ஆகவே கீலும் ஸ்குரூவும் 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், அல்லது பித்தளையாக இருக்கட்டும். பாரிமுனையில் செம்புதாஸ் தெரு வட்டாரத்து ஹார்டுவேர் கடைகளில் இரண்டும் கிடைக்கும். காந்தம் ஒட்டவில்லை என்றால் 304தான் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். மலிவான 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது, ஆனால் உப்புக்காற்றை அது 304 அளவுக்குத் தாங்காது. தர எண் தகட்டிலோ பெட்டியிலோ அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். காந்தத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்தலாம். கீலின் தகட்டில் ஒட்டாத காந்தம் நடு ஊசியில் ஒட்டினால், உள்ளே இரும்பு ஊசி போட்டிருக்கிறார்கள். அந்தக் கீல் வெளியே பளபளப்பாகவே இருக்கும், உள்ளே துரு பருத்து இறுகிவிடும். அதை வாங்காதீர்கள்.

மேசைக்கு மூன்று 3 அங்குலக் கீல்கள், பிராக்கெட் ஒன்றுக்கு இரண்டு இரண்டரை அங்குலக் கீல்கள். பிளைவுட் ஐஎஸ் 710 முத்திரையுள்ள மெரைன் தரமாக இருக்க வேண்டும். 42க்கு 90 பலகை நாலரை கிலோ வரும். வெட்டிய விளிம்புகளில்தான் ஈரம் புகும். நான்கு விளிம்பிலும், கண்ணுக்குத் தெரியாத பின்விளிம்பிலும்கூட, பிரைமரும் எனாமலும் இரண்டு கோட்டிங் கொடுங்கள். சுவரோடு ஒட்டும் தேக்குச் சட்டத்தின் முதுகுக்கும் அப்படியே. முதுகில் அடிக்காமல் முகத்தில் மட்டும் வார்னிஷ் போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது, சட்டம் மக்கத் தொடங்குவது அந்த முதுகிலிருந்துதான்.

மாட்டும் முறை

முதலில் சட்டங்கள். மேசையின் 90 செ.மீ. அகலத்தைச் சுவரில் குறித்து, இரு ஓரத்திலும் 2 செ.மீ. உள்ளே தள்ளிச் சட்டத்தின் இடத்தை வரையுங்கள். தூக்குக்குண்டு விட்டு நெட்டுக்குத்தைப் பாருங்கள். பழைய சுவர் நேராக இருக்காது, கண்ணை நம்பினால் பிராக்கெட் தானாகத் திறந்துகொள்ளும் அல்லது தானாக மடியும்.

ஒவ்வொரு சட்டத்திலும் ஐந்து ஓட்டைகள். மூன்று மேலே, நீங்கள் போட்ட பென்சில் கோட்டுக்கு மேலுள்ள கெட்டிச் சுவரில். இரண்டு கீழே. ஸ்குரூவின் நீளத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சட்டம் 40 மி.மீ., பூச்சு 15 மி.மீ., இரண்டும் சேர்ந்து 55. மூன்று அங்குல ஸ்குரூ போட்டால் செங்கல்லுக்குள் இறங்குவது 20 மி.மீ. மட்டும். நான்கு அங்குல ஸ்குரூ போட்டால் 45 மி.மீ. இறங்கும். மேலே போடும் மூன்றும் கட்டாயம் நான்கு அங்குலமாக இருக்க வேண்டும். அதற்கு 10 மி.மீ. நைலான் பிளக். பிளக் பூச்சுக்குள் நிற்காமல் செங்கல்லுக்குள் முழுவதும் போயிருக்க வேண்டும்.

சட்டத்தில் ஓட்டைகளைப் போட்டு, சுவரில் வைத்து, ஓட்டை வழியாகக் குறி வையுங்கள். சட்டத்தை எடுத்துவிட்டுச் சுவரை டிரில் செய்யுங்கள். சுண்ணாம்புக் காரைச் சுவரிலும் பழைய மெத்தெனச் செங்கல்லிலும் டிரில்லின் சுத்தியல் அடியை அணைத்துவிட்டு, சுற்றலில் மட்டும் போட வேண்டும். அடித்தால் செங்கல் உள்ளேயே உடைந்து ஓட்டை அகன்றுவிடும். பிட்டில் ஆழத்துக்கு ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பொடி வெளுத்து வந்தால் காரையில் விழுந்திருக்கிறது என்று பொருள், ஓரிரு அங்குலம் மேலோ கீழோ மாற்றுங்கள். ஓட்டைப் பொடியை ஊதி எடுத்துவிட்டுப் பிளக்கை வையுங்கள். அது விரலால் தள்ளியே உள்ளே போனால் ஓட்டை தளர்ந்திருக்கிறது. சுத்தியால் தட்டித்தான் இறங்க வேண்டும்.

மேலேயும் காரை பொடிந்து எங்கே போட்டாலும் பிளக் நிற்கவில்லை என்றால் பழைய முறை கைகொடுக்கும். கொத்தனார் உளியால் மூன்றங்குலச் சதுரத்துக்குக் குழி வெட்டி, உள்ளே அகன்று வெளியே குறுகிய தேக்குக்கட்டையைச் சிமெண்ட் கலவையில் பதித்துக் கொடுப்பார். ஒரு வாரம் நனைத்துக் காயவிட்டு அந்தக் கட்டையில் ஸ்குரூ இறக்கலாம். அகன்ற பக்கம் உள்ளே இருப்பதால் இழுத்தாலும் கட்டை வெளியே வராது.

சட்டத்தை இறுக்கும் முன் ஒவ்வொரு ஸ்குரூவிலும் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நைலான் வாஷர் போட்டுவிடுங்கள். இரண்டு மி.மீ. இடைவெளியில் காற்று போய்வரும், சுவரின் ஓதம் மரத்தில் ஏறாது. கரையானின் மண்கோடு வந்தாலும் அந்த இடைவெளியில் பார்வைக்குப் படும்.

அடுத்து, இரண்டு சட்டங்களுக்கு நடுவே அதே தடிமனில் ஒரு கிடைக்கட்டை. அதன் மேல்முகம் தரையிலிருந்து 73 செ.மீ.யில் இருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, சட்டங்களோடும் சுவரோடும் சேர்த்து இறுக்குங்கள். 8 செ.மீ. பட்டையின் பின்விளிம்பில் இரு ஓரமும் சட்டம் நுழையும் அளவுக்கு வெட்டி, கிடைக்கட்டையின்மேல் உட்காரவைத்து மேலிருந்து ஸ்குரூ இறக்குங்கள். பட்டையில் பாதி கட்டையின்மேல் இருக்கும், பாதி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கீல் மாட்டுவது அந்த நீட்டலின் அடியில்.

பலகையையும் பட்டையையும் ஒரே மட்டத்தில் தரையில் கவிழ்த்து வைத்துக் கீலை மாட்டிப் பார்ப்பது எளிது, அதனால் பட்டையைக் கட்டையில் பொருத்துவதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம். கீலின் இரண்டு தகடும் அடிமுகத்தில் வரும், குழல் இரண்டுக்கும் இடைப்பட்ட கோட்டில். குழல் பதிய இரு விளிம்பிலும் உளியால் சிறு பள்ளம் எடுங்கள். ஸ்குரூ பலகையின் அகல முகத்தில் மட்டும் இறங்கட்டும். பிளைவுட்டின் வெட்டு விளிம்பில் இறக்கினால் அடுக்குகள் பிரியும், பிடிப்பும் இருக்காது. நீளம் 15 மி.மீ.க்கு மேல் வேண்டாம், 18 மி.மீ. பலகையில் அதற்கு மேல் போனால் மேலே முனை தெரியும். கீல்களில் ஒன்று நடுவில், மற்ற இரண்டும் ஓரத்திலிருந்து 20 செ.மீ. உள்ளே.

கடைசியில் பிராக்கெட். அதன் மேல்விளிம்பு பலகையின் அடிமுகத்திலிருந்து 8 மி.மீ. கீழே இருக்கும்படி சட்டத்தில் மாட்டுங்கள், அப்போதுதான் திரும்பும்போது கீல் குழலில் உரசாது. அந்த 8 மி.மீ.யை நிரப்ப, பிராக்கெட் கை வந்து நிற்கும் இடத்தில் பலகையின் அடியில் ஒரு சரிவான ஆப்புக்கட்டையை ஸ்குரூ செய்யுங்கள். கை அதன்மேல் ஏறி இறுகி நிற்கும். பலகையின் மட்டத்தை இந்த ஆப்பை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் சரிசெய்வது. ஆப்பின் உள்பக்க ஓரத்தில் சின்னக் குமிழ் ஒன்று வைத்தால், காலோ துடைப்பமோ பட்டுப் பிராக்கெட் தானாக மடியாது. முதலில் ரசமட்டத்தில் முன்பக்கம் இரண்டு மி.மீ. உயர்ந்தே இருக்கட்டும். சில நாள் பயன்பாட்டில் மரம் அமர்ந்ததும் மட்டமாகிவிடும்.

சோதனையும் எல்லையும்

வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் நல்ல எடைக்கல். சட்டத்தின் உச்சியைச் சுற்றிச் சுவரில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுவிட்டு, நிறைந்த கேனை முன்விளிம்பில் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு பாருங்கள். சட்டத்தின் உச்சிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளி கூடியிருந்தால், அல்லது ஸ்குரூவைச் சுற்றி முடி அளவு வெடிப்பு தெரிந்தால், மேல் பிளக்குகளில் ஒன்று பிடிக்கவில்லை. அதை மட்டும் எடுத்து வேறிடத்தில் போடுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் இரண்டாவது கேனையும் நடுப்பலகையில் வைத்து, மறுநாள் காலை வரை விட்டுப் பார்க்கலாம்.

தாங்கினாலும் இதன் எல்லை 40 கிலோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஏறி உட்காரக் கூடாது. கிரைண்டரை வைக்கலாம், ஓடவிடக் கூடாது. ஓடும் கிரைண்டரின் அதிர்வு பிளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும். மிக்சிக்குப் பிரச்சினை இல்லை.

மாதம் ஒருமுறை கீல்களை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் அது கெட்டியாகித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழைக்காலம் முடிந்து சுவர் காய்ந்ததும் ஸ்குரூக்களை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். முறுக்க முறுக்க நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பிளக் உள்ளே செத்துவிட்டது. சட்டத்துக்கு அடியில் தரையில் வெள்ளைப் பொடி அடிக்கடி விழுந்தால் கீழ்ச் சுவர் பொரிகிறது. மேல் மூன்று ஸ்குரூவும் கெட்டியாக இருக்கும்வரை அதற்காக மேசையைக் கழற்ற வேண்டியதில்லை.

தட்டிப் பார்க்கும்போதே வெற்றொலி 130 செ.மீ.க்கு மேலும் போகிறது, பூச்சு கையோடு பெயர்கிறது என்றால் அந்தச் சுவரில் எதையும் தொங்கவிட வேண்டாம். அங்கே பலகையின் முன்விளிம்பில் கீல் போட்டு, மடங்கும் கால் ஒன்றைத் தரைக்கு இறக்குங்கள். கால் 73 செ.மீ. வேண்டும், பலகையோ 42 செ.மீ.தான், அதனால் காலை நெட்டுக்கு மடிக்காமல் பலகையின் 90 செ.மீ. அகலத்தோடு படுக்கையாக மடியும்படி மாட்ட வேண்டும். பாரத்தில் பாதியைத் தரை வாங்கிக்கொள்ளும். சுவருக்குப் பலகையின் பின்பக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்கிற வேலைதான் மிஞ்சும். ஈரத் தரையில் காலின் அடி ஊறாமல் இருக்க ஒரு ரப்பர் புஷ் மாட்டிவிடுங்கள்.